52-ஆவது எபிசோடும் தெரிகிற பிட்ச் டெக்: அனிமேஷன் தொடரை விற்கப் போகிறவர்களுக்கு

சிறுவர்களுக்கான அனிமேஷன் தொடர்களில் மிகப் பரவலாகப் புழங்கும் அளவு 52 எபிசோடு, ஒவ்வொன்றும் 11 நிமிடம். பெருக்கினால் 572 நிமிடம், அதாவது ஒன்பதரை மணி நேரத்துக்கும் மேல். சேனலிலோ ஸ்ட்ரீமிங் தளத்திலோ தொடர்களைத் தேர்ந்தெடுக்கும் ஒருவர், தொடரை விற்பதற்காக நீங்கள் தயாரித்த சிறு பக்கத் தொகுப்பை, அதாவது உங்கள் டெக்கைத் திறக்கும்போது அந்த ஒன்பதரை மணி நேரத்தைத்தான் எடைபோடுகிறார். முதல் எபிசோடு நன்றாக வரும் என்று நம்புவதற்கு அவருக்குப் பெரிதாக யோசனை தேவையில்லை. முப்பதாவது எபிசோடில் என்ன இருக்கும், அதையும் இதே செலவில் எடுக்க முடியுமா என்பதுதான் அவருடைய கேள்வி.

புதிதாக வருபவர்கள் தயாரிக்கும் டெக்குகளில் பெரும்பாலானவை இந்தக் கேள்வியைத் தொடுவதே இல்லை. அழகான ஓவியங்கள் இருக்கும், கதாநாயகி எப்படி அந்த மாய உலகத்துக்குள் வந்தாள் என்ற நீண்ட முன்கதை இருக்கும், கடைசியில் ஒரு தொலைபேசி எண் இருக்கும். படித்து முடித்தால் ஒரு திரைப்படத்தின் முதல் பாதியைப் படித்தது போலிருக்கும். அதனால் இந்தக் கட்டுரையில் டெக்கின் எல்லாப் பக்கங்களுக்கும் சமமாக இடம் கொடுக்கப்போவதில்லை. தொடர் ஓடிக்கொண்டே இருக்கும் என்று காட்டும் பக்கங்களில்தான் அதிக நேரம் நிற்கப்போகிறேன்.

ஒன்றை முதலில் பிரித்துக்கொள்வோம். டெக் வேறு, பைபிள் வேறு. பைபிள் என்பது தொடரின் முழு விவரத் தொகுப்பு. எழுத்தாளர்களும் ஓவியர்களும் வேலை செய்யும்போது பக்கத்தில் வைத்துக்கொள்வது, பல பத்துப் பக்கங்கள் போகும். டெக் 12 முதல் 15 பக்கம். அடுத்த சந்திப்புக்குக் கதவைத் திறக்க வைப்பது மட்டுமே அதன் வேலை. பைபிளில் இருப்பதையெல்லாம் சுருக்கி டெக்கில் திணிக்கப் பார்த்தால் இரண்டுமே கெடும்.

உதாரணத்துக்கு ஒரு தொடர்

இந்தக் கட்டுரைக்காக ஒரு தொடரைக் கற்பனை செய்துகொள்வோம். பெயர் 'மழை எந்த மாடி?'. ஒரு பழைய அடுக்குமாடிக் கட்டிடம். மாடிக்கு ஒரு வானிலை. ஒரு மாடியில் எப்போதும் மழை, ஒன்றில் சுட்டெரிக்கும் வெயில், ஒன்றில் காற்று, ஒன்றில் பனிப்பொழிவு, ஒன்றில் மூடுபனி, ஆறாவதில் இடி மின்னல். தரைத்தளத்தில் யாழினி என்ற ஒன்பது வயதுச் சிறுமி, லிப்ட் பழுதுபார்க்கும் தாத்தாவுடன் வசிக்கிறாள். லிப்டுக்குப் பெயர் கிரீச். அதற்கு உயரம் என்றாலே பயம்.

பார்க்க அழகாக இருக்கிறது. ஆனால் இது இன்னும் தொடர் ஆகவில்லை. வெறும் இடம்தான். இதை எப்படித் தொடராக்குவது என்று படிப்படியாகப் பார்ப்போம்.

முதல் படி: வரையத் தொடங்கும் முன் நான்கு வரிகள்

ஒரு தாளில் இந்த நான்கையும் எழுதுங்கள்: யாருக்கு, எத்தனை நிமிடம், எத்தனை எபிசோடு, எந்த உத்தி. நம் தொடருக்கு: 6 முதல் 9 வயது, 11 நிமிடம், 52 எபிசோடு, 2டி, ரிக் செய்த கதாபாத்திரங்கள், அதாவது ஒவ்வொரு முறையும் புதிதாக வரையாமல் பொம்மை போல மூட்டு மூட்டாக அசைக்கும்படி அமைத்தவை.

வயதைத் தீர்மானிக்காமல் நழுவுகிறவர்கள் நிறைய. "எல்லா வயதினருக்கும்" என்று எழுதினால் பரந்த மனதோடு எழுதியதாகத் தோன்றும். வாங்குபவருக்கோ அதை எந்த நேரத்தில் போடுவது, எந்த அலமாரியில் வைப்பது என்று தெரியாமல் போகும். சேனல்களில் பள்ளி செல்லும் முன்னான குழந்தைகளுக்கு ஒரு குழு, பள்ளிச் சிறுவர்களுக்கு இன்னொரு குழு, பெரியவர்களுக்கான அனிமேஷனுக்கு முற்றிலும் வேறு ஆட்கள் என்று பிரிந்திருப்பார்கள். வயது எழுதாத டெக் யார் மேசைக்குப் போக வேண்டும் என்பதே தெளிவாக இருக்காது. குடும்பமே சேர்ந்து பார்க்கும் என்று நீங்கள் நம்பினால் அதையும் எழுதலாம், ஆனால் மைய வயது எது என்பதைச் சொன்ன பிறகு.

நிமிடமும் வயதோடு சேர்ந்து போவது. மூன்று நான்கு வயதுக் குழந்தைக்கு 7 நிமிடம் இயல்பு, பள்ளிச் சிறுவர்களுக்கு 11. நீண்ட கதை ஓட்டம் கொண்ட சாகசத் தொடர் என்றால் 22. பிள்ளைகள் தங்களைவிடக் கொஞ்சம் மூத்தவர்களைத்தான் விரும்பிப் பார்ப்பார்கள் என்பதால் 6 முதல் 9 வயதினருக்கான தொடரின் நாயகிக்கு ஒன்பது வயது பொருந்துகிறது. ஐந்து வயதாக வைத்திருந்தால் எட்டு வயதுப் பையன் "இது பாப்பாக்களுக்கு" என்று எழுந்து போய்விடுவான்.

இரண்டாவது படி: லாக்லைன்

தொடரை ஓரிரு வாக்கியத்தில் சொல்லிவிடுவதுதான் லாக்லைன். முதல் முயற்சி பெரும்பாலும் இப்படி இருக்கும்: "ஒரு மாயக் கட்டிடத்தில் வாழும் யாழினி, தன் நண்பர்களுடன் சேர்ந்து வியப்பூட்டும் சாகசங்களில் ஈடுபட்டு நட்பின் மதிப்பை உணர்கிறாள்." இதில் யாழினியின் பெயரை அழித்துவிட்டு வேறு எந்தப் பெயரைப் போட்டாலும் வரி அப்படியே நிற்கும். அதுதான் கோளாறு. என்ன சாகசம், ஏன் இவளுக்கு நடக்கிறது, என்ன சிக்கல் எதுவும் இல்லை.

இப்போது இன்னொன்று: "மாடிக்கு ஒரு வானிலை இருக்கும் கட்டிடத்தில், யார் எதைக் கேட்டாலும் யோசிக்காமல் 'சரி, கொண்டு வர்றேன்' என்று வாக்குக் கொடுத்துவிடும் ஒன்பது வயது யாழினி, உயரத்துக்குப் பயந்த ஒரு லிப்டில் ஏறி, ஒரு மாடியின் வானிலையை இன்னொரு மாடிக்குக் கடன் வாங்கிப் போகிறாள். மாலை ஆறு மணிக்குள் அதைத் திருப்பித் தராவிட்டால் இரண்டு மாடிகளுக்கும் வானிலை தாறுமாறாகிவிடும்."

இரண்டு வாக்கியம்தான். ஆனால் இடம் இருக்கிறது, நாயகியின் குறை இருக்கிறது, அந்தக் குறையால் வரும் செயல் இருக்கிறது, கெடு இருக்கிறது. முக்கியமாக, இதைப் படித்ததும் "அப்போ வெயில் மாடிக்காரர் பனி கேட்டால் என்ன ஆகும்?" என்று படிப்பவரே யோசிக்கத் தொடங்குகிறார். அவர் அப்படி யோசித்துவிட்டால் பாதி வேலை முடிந்தது.

மூன்றாவது படி: கதை எஞ்சின்

ஒவ்வொரு எபிசோடையும் புதிதாகக் கிளப்பிவிடும் ஏற்பாட்டைத்தான் கதை எஞ்சின் என்கிறோம். டெக்கின் மையப் பக்கம் இதுதான். இதற்குத் தனியாக ஒரு பக்கம் ஒதுக்குங்கள், உலகத்தைப் பற்றிய வர்ணனைக்குள் புதைத்துவிடாதீர்கள்.

எஞ்சினுக்கு இரண்டு பாகம் வேண்டும்: உலகத்தின் விதி ஒன்று, அந்த விதியோடு உரசுகிற நாயகியின் குணம் ஒன்று. நம் தொடரில் விதி என்னவென்றால், வானிலையைக் கடன் வாங்கலாம், ஆனால் கொடுத்த மாடியில் அந்த அளவு குறைந்துபோகும், ஆறு மணிக்குள் திரும்ப வேண்டும். குணம் என்னவென்றால், யாழினிக்கு யாரிடமும் மறுத்துச் சொல்ல வராது. விதி மட்டும் இருந்தால் அது விளையாட்டு விதிமுறை. குணம் மட்டும் இருந்தால் எந்தத் தொடரிலும் வரக்கூடிய சிறுமி. இரண்டும் சேரும்போதுதான் இந்தத் தொடருக்கே உரிய தொல்லை பிறக்கிறது.

டெக்கில் அதை இப்படி எழுதலாம்: ஒரு மாடிக்காரருக்கு ஏதோ ஒன்று வேண்டும். யாழினி வாக்குக் கொடுக்கிறாள். இன்னொரு மாடியிலிருந்து வானிலையைக் கடன் வாங்குகிறாள். புதிய இடத்தில் அது எதிர்பாராத விதமாக நடந்துகொள்கிறது. அதே நேரம் கொடுத்த மாடியிலும் அது இல்லாமல் சிக்கல். இரண்டுக்கும் நடுவில் கிரீச் ஒரு கட்டத்தில் ஏற மறுக்கிறது. கேட்டவர் வாயால் கேட்டது ஒன்று, அவருக்கு உண்மையில் தேவைப்பட்டது வேறொன்று என்று யாழினி கண்டுபிடிக்கும்போது சிக்கல் அவிழ்கிறது. ஆறு மணி. வானிலை வீடு திரும்புகிறது.

எஞ்சின் எவ்வளவு தூரம் ஓடும் என்பதைக் கணக்குப் போட்டே பார்க்கலாம். ஆறு மாடி. கடன் கொடுக்கும் மாடி ஆறில் ஒன்று, வாங்கும் மாடி மீதி ஐந்தில் ஒன்று. ஆறை ஐந்தால் பெருக்கினால் 30 சேர்க்கை. ஒவ்வொரு சேர்க்கையிலும் யார் கேட்கிறார், எதற்காகக் கேட்கிறார் என்று இரண்டு விதமாக மாற்றினாலே 60. 52 எபிசோடுக்குப் போதும். இந்தக் கணக்கை டெக்கில் போட வேண்டியதில்லை. ஆனால் சந்திப்பில் கேட்டால் சொல்லத் தெரிய வேண்டும், கேட்பார்கள்.

நான்காவது படி: ஒரு எபிசோடு முழுதாக, ஏழு எபிசோடு வரிகளாக

எஞ்சின் பக்கத்துக்கு அடுத்த பக்கம் அதற்கான சான்று. ஒரே ஒரு எபிசோடை முடிவு உட்பட ஒரு பக்கத்துக்குள் எழுதுங்கள். முடிவை மறைத்து "யாழினி தப்பிப்பாளா?" என்று நிறுத்துவது விளம்பரத்துக்குச் சரி. வாங்குபவர் உங்களால் ஒரு கதையை முடிக்க முடியுமா என்று பார்க்கிறார்.

இன்னொன்று, இதற்கு முதல் எபிசோடைத் தேர்ந்தெடுக்காதீர்கள். முதல் எபிசோடு அறிமுகங்களால் நிரம்பியது, தொடரின் சராசரி நாளைக் காட்டாது. பதினைந்தாவது எபிசோடு போல ஒன்றைத் தேர்ந்தெடுங்கள். நம் தொடருக்கு இது:

'கொஞ்சூண்டு காற்று.' மூடுபனி மாடியில் வசிக்கும் முன்னாள் வரைபடக்காரர் தன் ஜன்னலிலிருந்து தெருவைப் பார்த்துப் பல வருடமாகிறது. ஒரு நிமிடம் பனி விலகினால் போதும் என்கிறார். "சரி, கொண்டு வர்றேன்" என்கிறாள் யாழினி. காற்று மாடியிலிருந்து ஒரு துணிப்பையில் சின்னக் காற்று ஒன்றைப் பிடித்து வருகிறாள். பையைத் திறந்ததும் அது மூடுபனியை ஜன்னலுக்கு வெளியே தள்ளாமல் மொத்தத்தையும் லிப்டுக்குள் அடைத்துவிடுகிறது. கிரீச்சுக்கு எதுவும் தெரியவில்லை. தெரியாததால் பயமும் இல்லை! வாழ்க்கையில் முதல் முறையாக உற்சாகமாக மேலே மேலே ஏறுகிறது, யாழினியையும் வரைபடக்காரரையும் சுமந்துகொண்டு. அதற்குள் காற்று மாடியில் பட்டங்கள் எல்லாம் தரையில் கிடக்கின்றன, பிள்ளைகள் தகராறு செய்கிறார்கள். லிப்ட் மொட்டைமாடியில் போய் நிற்கிறது. கதவு திறக்கிறது, மூடுபனி வழிந்தோடுகிறது, வரைபடக்காரருக்கு எதிரே முழுத் தெருவும் தெரிகிறது. அவருக்கு வேண்டியிருந்தது காற்று அல்ல, மாடியை விட்டு ஒரு நாள் வெளியே வருவதுதான். கிரீச் கண்ணைத் திறந்து தான் எங்கே நிற்கிறோம் என்று பார்க்கிறது. அலறல். தலைதெறிக்க இறங்கும் வேகத்தில் காற்று ஆறு மணிக்கு முன்பே வீடு சேர்கிறது.

இதைப் படித்தவருக்கு நகைச்சுவை எந்த ரகம், நெகிழ்ச்சி எந்த அளவு, கிரீச் கதையில் என்ன வேலை செய்கிறது எல்லாமே தெரிந்துவிடும். தொனியைப் பற்றித் தனிப் பக்கத்தில் "நகைச்சுவையும் உணர்வும் கலந்தது" என்று எழுதுவதைவிட இது பல மடங்கு பலமானது.

அதற்கடுத்த பக்கத்தில் ஏழெட்டு எபிசோடுகள், ஒவ்வொன்றும் இரண்டு வரி. இங்கே ஒரு எச்சரிக்கை. ஏழும் ஒரே மாதிரி வளைவதாக இருந்தால் எஞ்சின் பலவீனம் என்று பொருள். ஒன்றில் தாத்தாவே கடன் கேட்கட்டும். ஒன்றில் யாழினி முதல் முறையாக மறுத்துவிட, அதனால் சிக்கல் வரட்டும். ஒன்றில் லிப்ட் இரண்டு மாடிகளுக்கு நடுவே நின்றுபோய், எபிசோடு முழுவதும் உள்ளேயே நடக்கட்டும். இந்தக் கடைசி ரகத்தை அனுபவமுள்ளவர்கள் உடனே கவனிப்பார்கள். ஒரே அரங்கில், இரண்டு மூன்று பேரோடு முடியும் எபிசோடு தயாரிப்புச் செலவுக்கு மூச்சுவிட இடம் கொடுக்கும்.

ஐந்தாவது படி: கதாபாத்திரங்கள்

"துடிப்பானவள், தைரியசாலி, அன்பானவள்." இப்படி மூன்று பண்புச் சொற்களை அடுக்கினால் எழுத்தாளருக்கு எழுத எதுவும் கிடைக்காது. ஒவ்வொருவருக்கும் மூன்று விஷயம் சொல்லுங்கள்: அவருக்கு என்ன வேண்டும், சிக்கல் வந்தால் என்ன செய்வார், நாயகிக்கு அவர் எந்த விதத்தில் தலைவலி. கிரீச்சுக்கு இப்படி வரும்: தரைத்தளத்திலேயே நிற்க ஆசை, பயந்தால் பழுதானது போல நடிக்கும், யாழினி அவசரப்படும்போதெல்லாம் சரியாக மூன்றாம் மாடியில் நின்றுகொள்ளும். முடிந்தால் ஆளுக்கு ஒரு வரி வசனமும் சேருங்கள். "நான் நின்னுட்டேன்னு நினைக்காத, யோசிச்சிட்டு இருக்கேன்" என்ற ஒரு வரி கிரீச்சைப் பற்றி ஒரு பத்தியைவிட அதிகம் சொல்லும்.

படத்தில் எல்லாரையும் ஒரே வரிசையில், உண்மையான உயர விகிதத்தில் நிறுத்துங்கள். பிறகு அந்தப் படத்தைக் கணினியில் முழுக்கக் கறுப்பாக நிரப்பிப் பாருங்கள். நிழலுருவத்தை மட்டும் வைத்து யார் யார் என்று சொல்ல முடியவில்லை என்றால் வடிவமைப்பு இன்னும் முடியவில்லை. கதாபாத்திரத்தை எல்லாக் கோணத்திலும் திருப்பிக் காட்டும் படங்கள் டெக்குக்குத் தேவையில்லை. அவை தயாரிப்புக் குழுவுக்கானவை.

ஆறாவது படி: செலவு படத்திலேயே தெரியும்

புதியவர்கள் பலர் யோசிக்காத பக்கம் இது. டெக்கில் தொகை எதுவும் எழுதாவிட்டாலும், அனுபவமுள்ள கண் படங்களைப் பார்த்தே செலவை ஊகித்துவிடும்.

நம் கட்டிடத்துக்கு நூறு மாடி இருந்து, ஒவ்வொரு எபிசோடிலும் புதிய மாடிக்குப் போகிறாள் என்று வைத்துக்கொள்ளுங்கள். கேட்கப் பிரமாதமாக இருக்கும். ஆனால் எபிசோடுக்கு எபிசோடு புதிய பின்னணிகள், புதிய குடியிருப்பாளர்கள், புதிய பொருட்கள் என்று எல்லாவற்றையும் ஒரு முறை பயன்படுத்தி எறிய வேண்டிவரும். தொடர் அனிமேஷன் கட்டுப்படியாவதே ஒரு முறை செய்ததைத் திரும்பத் திரும்பப் பயன்படுத்துவதால்தான். அதனால் ஆறு மாடி, லிப்டின் உள்பக்கம், தரைத்தளம் என எட்டு நிரந்தர அரங்குகள். யாழினி, தாத்தா, கிரீச், மாடிக்கு ஒரு முக்கியக் குடியிருப்பாளர் என ஒன்பது நிரந்தரக் கதாபாத்திரங்கள். காற்று மாடிப் பிள்ளைகள் போல ஓரிரு துணைக் கும்பல். எபிசோடுக்கு ஒரே ஒரு புதிய இடம் மட்டும் அனுமதி. மேலே சொன்ன எபிசோடில் அது மொட்டைமாடி.

இன்னொரு ஆபத்தும் இந்தக் கருவிலேயே ஒளிந்திருக்கிறது. மழை, பனி, மூடுபனி, மின்னல் எல்லாமே எஃபெக்ட்ஸ் வேலை. நிஜம் போலச் செய்யப் போனால் நேரத்தையும் பணத்தையும் விழுங்கும். வாங்குபவருடன் வரும் தயாரிப்பு ஆலோசகர் முதலில் கேட்பது இதையாகத்தான் இருக்கும். பதிலை டெக்கின் தோற்றப் பக்கத்திலேயே வைத்துவிடலாம். மழையைக் கோடுகளாக வரைந்து, ஒரே சுற்று மீண்டும் மீண்டும் ஓடும்படி வடிவமைக்கலாம். மூடுபனியைக் காகிதம் வெட்டி அடுக்கியது போலத் தட்டையான வடிவங்களாக வைக்கலாம். மின்னலை ஒரு ஃப்ரேம் நிறமாற்றமாக. அப்படி வரைந்த ஒரு முழுமையான காட்சிப் படத்தைப் போட்டால் போதும், செலவுக்கான பதிலும் வந்துவிடும், தொடருக்குத் தனி அடையாளமும் கிடைத்துவிடும். இறுதித் தொடரில் எட்ட முடியாத அளவு மெருகேற்றிய ஓவியத்தை டெக்கில் போடாதீர்கள். பிறகு அதையே அளவுகோலாக வைத்து உங்களைப் பிடிப்பார்கள்.

ஏழாவது படி: பக்க வரிசை

அட்டையில் தலைப்பு, தொடரை ஒரே பார்வையில் சொல்லும் ஒரு படம், "52 x 11 நிமிடம், 6–9 வயது, 2டி, நகைச்சுவை" என்ற ஒரு வரி. அடுத்து லாக்லைன். பிறகு உலகமும் விதியும், நாயகி, மற்றவர்கள், எஞ்சின், முழு எபிசோடு, எபிசோடு வரிகள், தோற்றம் இரண்டு பக்கம், குழு, கடைசியாக நிலவரமும் தொடர்பும். முன்கதை வேண்டுமென்றால் உலகப் பக்கத்தில் இரண்டு வாக்கியம் போதும். கட்டிடம் ஏன் இப்படி ஆனது என்பது 52 எபிசோடில் யாருக்கும் தேவைப்படாமலே போகலாம்.

குழு பக்கத்தில் ஆளுக்கு இரண்டு வரி: என்ன செய்திருக்கிறார், இந்தத் தொடரில் என்ன செய்வார். தொடர் அனுபவம் யாருக்கும் இல்லையென்றால், அனுபவமுள்ள ஒரு ஸ்டுடியோவோ தயாரிப்பாளரோ கூட இருப்பது டெக்கை விடவும் முக்கியம். வாங்குபவர் பணம் கொடுப்பது கருவுக்கு மட்டுமல்ல, அதைக் குறித்த நாளில் முடித்துத் தருபவர்களுக்கும்.

எட்டாவது படி: கடைசிப் பக்கம் யாருக்குப் போகிறது?

பெரும்பாலான பக்கங்கள் எல்லாருக்கும் பொதுவானவை. கடைசிப் பக்கம் மட்டும் ஆளுக்கேற்ப மாறும்.

ஒளிபரப்புச் சேனல் வழக்கமாகத் தன் பகுதிக்கான, குறிப்பிட்ட காலத்துக்கான உரிமையை வாங்கும். அதற்குத் தரும் தொகை முழுத் தயாரிப்புச் செலவுக்கும் போதாமல் இருப்பதே வழக்கம். மீதி வேறு நாட்டுச் சேனல்கள், கூட்டுத் தயாரிப்பாளர்கள், மானியங்கள், விநியோகஸ்தரின் முன்பணம் என்று பல இடங்களிலிருந்து வர வேண்டும். அதனால் அவர்களின் கேள்வி "வேறு யார் கூட இருக்கிறார்கள்?" என்பதாக இருக்கும். கடைசிப் பக்கத்தில் எந்தெந்தப் பகுதி உரிமைகள் கைவசம் இருக்கின்றன, யாருடன் ஒப்பந்தம் முடிந்திருக்கிறது என்று நேராக எழுதுங்கள். பேச்சு மட்டும் நடந்திருந்தால் முடிந்ததாக எழுத வேண்டாம். இந்தத் துறையில் வாங்குபவர்கள் ஒருவருக்கொருவர் தெரிந்தவர்கள், ஒரு அழைப்பில் உண்மை தெரிந்துவிடும். சேனல் எபிசோடுகளை வரிசை மாற்றியும் மறு ஒளிபரப்பாகவும் போடும் என்பதால், எந்த எபிசோடையும் தனியாகப் பார்க்கலாம் என்பதையும் ஒரு வரியில் சொல்லிவிடுங்கள்.

ஸ்ட்ரீமிங் தளம் தன் சொந்தத் தொடராக எடுக்க முடிவுசெய்தால், பெரும்பாலும் செலவு முழுவதையும் ஏற்றுக்கொண்டு உலகம் முழுவதற்கும் உரிமை கேட்கும். சில நேரம் தொடரின் உடைமையையே கேட்கும். அங்கே ஏற்கெனவே ஒரு பெரிய பகுதியின் உரிமை விற்றுப்போயிருந்தால் பேச்சே நின்றுவிடலாம். குறைந்த எபிசோடுகள் கொண்ட ஒரு பருவமாகவும் அவர்கள் கேட்கக்கூடும், அப்போது எபிசோடுகளைத் தாண்டித் தொடரும் ஒரு இழைக்கும் இடம் உண்டு. நம் தொடரில், லிப்டில் பூட்டியே கிடக்கும் ஏழாவது பொத்தான் எந்த மாடிக்கு என்ற கேள்வியை அந்த இழையாக வைக்கலாம். சேனலுக்கான பதிப்பில் அதை விட்டுவிடலாம்.

பட்ஜெட் தொகையை இரண்டு பதிப்பிலும் போட வேண்டாம். பிடிஎஃப் கைமாறிக்கொண்டே இருக்கும், தொகை மாறிய பிறகும் பழைய எண்ணே சுற்றிக்கொண்டிருக்கும். தனி ஆவணமாகத் தயாராக வைத்திருந்து கேட்கும்போது கொடுங்கள்.

ஒன்பதாவது படி: சோதனை

கதை தெரியாத ஒருவரிடம் டெக்கைக் கொடுத்து, மூன்று நிமிடத்தில் திரும்ப வாங்கிக்கொள்ளுங்கள். "எப்படி இருக்கு?" என்று கேட்காதீர்கள், நல்லா இருக்கு என்பார். "இதில் ஒரு எபிசோடு நீங்களே சொல்லுங்க" என்று கேளுங்கள்.

"வெயில் மாடிக்காரர் பிறந்தநாளுக்குப் பனி கேட்பார், அது உருகிக் கீழ் மாடி முழுக்க வெள்ளம் வந்துடும்" என்று அவராகவே சொன்னால் எஞ்சின் வேலை செய்கிறது. கட்டிடம் எப்படி உருவானது, யாழினி ஏன் தாத்தாவுடன் இருக்கிறாள் என்றெல்லாம் சொன்னால், டெக் முன்கதையைத்தான் விற்கிறது. எஞ்சின் பக்கத்துக்குத் திரும்புங்கள். உங்கள் தொடருக்குச் சம்பந்தமே இல்லாத, பொதுவான ஒரு சாகசத்தைச் சொன்னால் உலகத்தின் விதி தெளிவாக இல்லை. சொல்லப்பட்ட எபிசோடில் யாழினிக்குப் பதில் யார் இருந்தாலும் நடக்கும் என்றால் அவளுடைய குணம் கதைக்குள் இறங்கவில்லை. மூன்று பேரிடம் செய்து பார்த்தாலே எந்தப் பக்கத்தைத் திருத்த வேண்டும் என்று தெரிந்துவிடும்.

அனுப்புவதற்கு முன்

கிடைமட்டப் பக்கம், 16:9 விகிதம், பிடிஎஃப், 10 எம்பிக்குள். கைபேசியைக் குறுக்காகப் பிடித்துத் திறந்து பாருங்கள். விரலால் பெரிதாக்காமல் படிக்க முடிய வேண்டும், ஏனென்றால் பயணத்தில் பலரும் அப்படித்தான் படிப்பார்கள். கோப்புக்கு `deck_final_2.pdf` என்று பெயர் வைக்காமல் `mazhai-entha-maadi_pitch_v4.pdf` என்பது போலத் தலைப்போடு வையுங்கள். டீசர் இருந்தால் ஒரு நிமிடம் போதும். கோப்புக்குள் சேர்க்காமல் இணைப்பாகவும் கடவுச்சொல்லாகவும் கொடுங்கள்.

நேரில் பேசுவதற்கு இன்னொரு பதிப்பு வேண்டும். அனுப்பும் டெக் நீங்கள் இல்லாமலே பேச வேண்டும்; நேரில் காட்டும் டெக்கில் படங்கள் பெரிதாகவும் எழுத்து பக்கத்துக்கு ஒரு வரியாகவும் இருக்கட்டும். எழுத்து நிறைந்த பக்கத்தைத் திரையில் போட்டால் எதிரில் இருப்பவர் வாசிக்கத் தொடங்கிவிடுவார், நீங்கள் பேசுவது காதில் விழாது.

உரிமைத் தாள்களை இப்போதே முடித்துவிடுங்கள். கதாபாத்திரங்களை வரைந்த ஓவியர் நண்பராகவே இருந்தாலும், அந்த ஓவியங்களின் உரிமை யாருக்கு என்பது எழுத்தில் இருக்க வேண்டும். கதை ஒரு நூலைத் தழுவியது என்றால், ஆசிரியரிடம் பெற்ற ஒப்பந்தமும் அது எந்தத் தேதிவரை செல்லும் என்பதும் கையில் இருக்க வேண்டும். பதிப்புரிமைச் சட்டம் பாதுகாப்பது நீங்கள் எழுதியதையும் வரைந்ததையும்தான், "வானிலை மாடிகள்" என்ற வெறும் யோசனையை அல்ல. டெக்கில் கதாபாத்திரங்களும் எபிசோடுகளும் விரிவாக இருப்பது அந்த வகையிலும் உதவுகிறது.

பல நிறுவனங்கள் முன்னறிமுகம் இல்லாமல் வரும் டெக்கைத் திறக்கவே மாட்டார்கள். அறிமுகமான தயாரிப்பாளர் வழியாகவோ ஏஜென்ட் வழியாகவோ கேட்பார்கள், அல்லது முதலில் ஒரு ஒப்புதல் படிவத்தில் கையெழுத்துக் கேட்பார்கள். இதே போன்ற தொடரை அவர்கள் வேறு யாரிடமிருந்தாவது எடுத்தால் நீங்கள் வழக்குத் தொடர மாட்டீர்கள் என்ற வகை வாசகங்கள் அதில் இருக்கும். படித்துப் பார்த்து, புரியாவிட்டால் வழக்கறிஞரிடம் காட்டிவிட்டுக் கையெழுத்துப் போடுங்கள்.

நேரில் சந்திக்கச் சந்தைகள் இருக்கின்றன. ஜூனில் பிரான்ஸின் அன்சி நகரில் அனிமேஷன் விழாவோடு சேர்ந்து நடக்கும் மிஃபா, அக்டோபரில் கான் நகரில் மிப்காம், பிப்ரவரியில் அமெரிக்காவில் கிட்ஸ்கிரீன் சம்மிட். செப்டம்பரில் துலூஸில் நடக்கும் கார்ட்டூன் ஃபோரம் ஐரோப்பியத் தயாரிப்பாளர்களின் தொடர்களுக்கானது. சந்திப்பு நேரங்கள் வாரங்களுக்கு முன்பே நிரம்பிவிடும். அதனால் அங்கே போய் யாரையாவது பிடிக்கலாம் என்று கிளம்பாமல், முன்னதாகவே லாக்லைனும் அட்டைப் படமும் கொண்ட சிறு கடிதத்தை அனுப்பி நேரம் கேளுங்கள்.

சந்திப்பு முடிந்த சில நாட்களுக்குள், பேசியதைக் குறிப்பிட்டு டெக்கை மீண்டும் அனுப்புங்கள். அப்புறம் மூன்று வாரம் பொறுத்து ஒரு கடிதம். அதிலும் பதில் வரவில்லை என்றால், சொல்ல ஏதாவது புதிதாக இருக்கும்போது மட்டும் எழுதுங்கள்: ஸ்கிரிப்ட் முடிந்தது, ஒரு ஸ்டுடியோ சேர்ந்தது, வரைந்த காட்சிகளை ஒலியோடு ஓடவிடும் அனிமேட்டிக் தயார் என்பது போல. வேண்டாம் என்று பதில் வந்தால் காரணத்தைக் குறித்து வையுங்கள். "எங்களிடம் இதே வயதுக்கு ஏற்கெனவே ஒன்று இருக்கிறது" என்றால் டெக்கில் கைவைக்காதீர்கள், அடுத்தவருக்கு அப்படியே அனுப்புங்கள். "இதைத் தொடராகப் பார்க்க முடியவில்லை" என்று இரண்டு பேர் சொன்னால், அடுத்தவருக்கு அனுப்பும் முன் ஆறாம் ஏழாம் பக்கங்களை, எஞ்சினையும் அந்த முழு எபிசோடையும், மறுபடி எழுதுங்கள்.